செல்போனைத் தொலைநோக்கியில் பொருத்தி வியாழனைப் படமெடுப்பது எப்படி?

முதல் மூன்று இரவுகளும் எனக்குக் கிடைத்தது ஒரே படம்தான்: கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளைப் பொட்டு. ஐபீஸில் கண்ணை வைத்தால் வியாழனின் இரண்டு பட்டைகளும் தெளிவாகத் தெரிந்தன. அடாப்டரைப் போட்டுப் போனை மாட்டியதும் பட்டைகள் காணாமல் போயின. அடாப்டர் சரியில்லை என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதிலும் அதே வெள்ளைப் பொட்டு. கோளாறு அடாப்டரில் இல்லை, போன் தானாக எடுக்கும் முடிவுகளில் இருக்கிறது என்பது புரிய ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு வியாழனையே வைத்துக்கொள்கிறேன். கோள்களில் போனுக்கு நன்றாக ஒத்துழைப்பது அதுதான். போதுமான அளவு பெரியது, பிரகாசமானது, சில நிமிடங்களிலேயே படம் தேறியதா இல்லையா என்று தெரிந்துவிடும். சனிக்கும் செவ்வாய்க்கும் முறை இதேதான். எண்கள் மட்டும் மாறும்.

1. முதலில் ஒரு சின்னக் கணக்கு

செலவு செய்யும் முன் மூன்று விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தொலைநோக்கியின் விட்டமும் குவியத் தூரமும் பெரும்பாலும் குழாயின் மேல் ஒட்டிய பட்டியிலேயே அச்சாகியிருக்கும். ஐபீஸின் குவியத் தூரம் அதன் உடம்பில் 10mm, 25mm என்று பொறித்திருக்கும். போனின் முதன்மைக் கேமரா எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1x என்று காட்டும்போது எந்த லென்ஸ் வேலை செய்கிறதோ அதுதான்.

என்னுடையது 130 மி.மீ. விட்டமும் 650 மி.மீ. குவியத் தூரமும் உள்ள நியூட்டன் வகைத் தொலைநோக்கி. 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் 65 மடங்கு. இரண்டு மடங்கு பார்லோ லென்ஸைச் சேர்த்தால் 130 மடங்கு.

நமக்கு நெருக்கமாக வரும் காலத்தில் வியாழனின் அகலம் வானத்தில் சுமார் 45 விகலை. ஒரு பாகையில் 3600 விகலை. 130 மடங்கு பெரிதாக்கினால் அது 5850 விகலை, அதாவது ஏறத்தாழ 1.6 பாகை அகலமாகப் போனின் கண்ணுக்குத் தெரியும். 4000 பிக்சல் அகலப் படம் எடுக்கும் சாதாரண முதன்மைக் கேமராவில் நடுப்பகுதியில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 50 பிக்சல் அமையும். ஆக, வியாழன் சுமார் 80 பிக்சல் அகலத்துக்கு விழும்.

80 பிக்சல் கொஞ்சமாகத் தோன்றலாம். ஆனால் 130 மி.மீ. கண்ணாடியால் பிரித்துக் காட்ட முடிந்த மிகச் சிறிய விவரம் 0.9 விகலை அளவு. நம் கணக்கில் ஒரு பிக்சலுக்கு 0.56 விகலை வருகிறது. கண்ணாடி தரக்கூடிய விவரத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே படத்துக்குள் வந்துவிட்டது என்று பொருள். இதற்கு மேல் 250, 300 மடங்கு என்று போனால் கோள் பெரிதாகும், மங்கும், புதிதாக ஒன்றும் தெரியாது. “அதிக உருப்பெருக்கம்” என்று விற்கும் 4 மி.மீ. ஐபீஸில் நான் போட்ட பணம் இப்படித்தான் வீணானது.

பார்லோ இல்லாமல் 65 மடங்கிலும் படமெடுக்கலாம். கோள் 40 பிக்சலுக்குக் குறுகும்; பட்டைகள் இரண்டும் கோடுகளாகத் தெரியும், அவ்வளவுதான். முதல் சில இரவுகளுக்கு அது போதும்.

2. அடாப்டர் வாங்கும் முன் அளக்க வேண்டியவை

இரண்டு வகை உண்டு. ஒன்று, குறிப்பிட்ட ஒரு போன் மாடலுக்கென்றே வார்த்த உறை. லென்ஸ் எப்போதும் சரியான இடத்தில் உட்காரும், ஆனால் போனை மாற்றினால் உறையும் வீண். இன்னொன்று, எந்தப் போனுக்கும் பொருந்தும் கவ்வி. இதில் மூன்று திசையிலும் திருகி நகர்த்தும் வசதி உள்ளதையே வாங்குங்கள்: இட வலம், மேல் கீழ், முன் பின். முன் பின் நகர்த்த முடியாத கவ்விகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றைத் தவிர்க்கச் சொல்வதற்கான காரணம் அடுத்த படியில் வருகிறது.

அளக்க வேண்டியது ஐபீஸின் வெளி விட்டம். நாம் கண் வைக்கும் மேல்பகுதியின் தடிமனை அளவுகோலால் அளந்து, அடாப்டரின் கவ்வும் எல்லைக்குள் அது வருகிறதா என்று பாருங்கள். பலர் செய்யும் தவறு, தொலைநோக்கிக்குள் நுழையும் கீழ்க்குழாயை அளப்பது. அது பெரும்பாலும் 1.25 அங்குலம்தான். கவ்வி பிடிப்பது அதை அல்ல.

அடுத்து, ஐபீஸில் கண்ணை எவ்வளவு தூரத்தில் வைத்தால் முழு வட்டமும் தெரிகிறது என்று கவனியுங்கள். 10 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸ்களில் இந்தத் தூரம் 7 மி.மீ. அளவுதான். போனின் லென்ஸ் கண்ணாடிக்குள் சற்று உள்ளே இருப்பதால் அவ்வளவு நெருக்கமாகப் போக முடியாமல் போகலாம். 15 முதல் 20 மி.மீ. தூரம் தரும் ஐபீஸ் போனுக்கு மிக எளிது. கையில் ஓரளவு பணம் இருந்தால் விலை கூடிய அடாப்டரைவிட இப்படி ஒரு ஐபீஸுக்குச் செலவு செய்யுங்கள். போனை மாட்டாத நாட்களிலும் கண்ணுக்குச் சுகமாக இருக்கும்.

தனியாக ரிமோட் வாங்க வேண்டியதில்லை. 3 விநாடி டைமரோ கம்பியுள்ள இயர்போனின் ஒலி பொத்தானோ அந்த வேலையைச் செய்துவிடும்.

3. பகலிலேயே லென்ஸை நேராக வையுங்கள்

இந்தப் படியை இருட்டில் செய்யப் போனால் ஒரு இரவு முழுக்கப் போய்விடும். சூரியன் இருக்கும் திசைக்கு எதிர்த் திசையில், தொலைவில் உள்ள ஒரு சுவரையோ மரத்தையோ நோக்கித் தொலைநோக்கியைத் திருப்புங்கள். சூரியன் பக்கம் தப்பித் தவறியும் குழாய் திரும்பக் கூடாது. கண்ணும் போகும், போனும் போகும்.

போனின் உறையைக் கழற்றுங்கள். ஐபீஸின் ரப்பர் விளிம்பை மடக்கிவிடுங்கள். முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில், 25 மி.மீ. ஐபீஸில் தொடங்குங்கள். ஐபீஸை முதலில் அடாப்டரில் கவ்வி, பிறகு போனை ஏற்றி, கேமராவை இயக்குங்கள். திரையில் ஒரு வெளிச்ச வட்டம் தெரிய வேண்டும்.

வட்டத்தைப் பார்த்தே எங்கே தவறு என்று சொல்லிவிடலாம். பிறைபோல ஒரு பக்கம் மட்டும் கறுத்தால் லென்ஸ் இட வலமாகவோ மேல் கீழாகவோ விலகியிருக்கிறது. வட்டம் முழுமையாக இருந்தும் சிறியதாக, ஓரம் மங்கலாக இருந்தால் போன் ஐபீஸைவிட்டுத் தள்ளியிருக்கிறது. நடுவில் நிழல் மேகம்போல அலைந்தால் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கிறது. முன் பின் திருகு இல்லாத கவ்வியில் கடைசி இரண்டையும் சரிசெய்யவே முடியாது. வட்டத்தின் ஓரம் சுற்றிலும் கூர்மையாகத் தெரியும் இடத்தில் திருகுகளை இறுக்குங்கள். பிறகு 10 மி.மீ. ஐபீஸுக்கு மாறி மறுபடி சரிபாருங்கள்.

சரியான இடம் கிடைத்ததும் அடாப்டர் தகட்டில் போனின் விளிம்பு வரும் இடங்களைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். இரவில் அந்தக் கோட்டுக்குள் போனை வைத்தால் பாதி வேலை முடிந்தது. கவ்வியின் பிடி, போனின் பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். என் போன் நடுநடுவே அணைந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் அதுதான்.

பாரமும் முக்கியம். போன் சுமார் 200 கிராம், அடாப்டர் அதற்குச் சமமாக ஒன்று. குழாயின் ஒரு முனையில் இவ்வளவு ஏறினால் தொலைநோக்கி மெல்லச் சாயும். குழாயைப் பிடித்திருக்கும் வளையத்தைத் தளர்த்திச் சற்று நகர்த்தி, கையை எடுத்தாலும் நிற்கும்படி சமன் செய்யுங்கள். ஐபீஸைப் பிடித்திருக்கும் சிறு திருகை நன்றாக முடுக்குங்கள். போனுக்கு ஒரு கயிறு கட்டிக் குழாயோடு இணைப்பது நல்லது. அந்தத் திருகு தளர்ந்தால் ஐபீஸ், அடாப்டர், போன் மூன்றும் சேர்ந்தே விழும்.

4. போன் தானாகச் செய்பவற்றை நிறுத்துங்கள்

என் வெள்ளைப் பொட்டின் கதை இங்கேதான் இருக்கிறது. திரையில் பெரும்பகுதி கறுப்பு. போன் அதைப் பார்த்து, காட்சி இருட்டாக இருக்கிறது என்று வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. கறுப்பு அப்படியே இருக்க, வியாழன் மட்டும் வெளிறிப் பட்டைகள் அழிந்துபோகின்றன. வெளிறிய இடத்தில் எந்தத் தகவலும் பதிவாகாது, பின்னால் எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

ஆகவே கேமராவின் புரோ பயன்முறைக்குப் போங்கள். ISO, ஷட்டர், ஃபோகஸ் மூன்றையும் கையால் வைக்கும் வசதி வீடியோவிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த வசதியுள்ள ஒரு செயலியைப் போட்டுக்கொள்ளலாம். எதுவும் இல்லையென்றால், திரையில் வியாழனின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள் (ஐபோனில் AE/AF LOCK என்று வரும்). பிறகு வெளிச்சக் குறியைக் கீழே இழுங்கள்.

நைட் மோடு, வீடியோ ஸ்டெபிலைசேஷன், HDR மூன்றையும் அணையுங்கள். நைட் மோடு பல படங்களைக் கலந்து நகரும் கோளை இழுவிவிடும். ஸ்டெபிலைசேஷன், நகர்ந்துகொண்டிருக்கும் ஒரே ஒரு புள்ளியைக் கண்டு குழம்பிக் காட்சியை அசைக்கும். பல லென்ஸ் உள்ள போன்களில் இன்னொரு பொறியும் உண்டு: அருகில் ஏதோ பொருள் இருப்பதாக நினைத்து மேக்ரோவுக்காக வேறு லென்ஸுக்குத் தாவுவது. வேறு லென்ஸ் ஐபீஸுக்கு வெளியே இருப்பதால் திரை சட்டென்று கறுத்துவிடும். அமைப்புகளில் தானியங்கி மேக்ரோவை அணைத்துவிடுங்கள். ஜூம் செய்யும்போது திரை கறுத்தாலும் காரணம் இதுவே. அந்த அளவு ஜூமுக்குக் கீழேயே நில்லுங்கள்.

வீடியோ கோப்பு வகையை H.264 என்று வையுங்கள். ஐபோனில் இது Most Compatible என்ற பெயரில் இருக்கும். HEVC வகையில் எடுத்துவிட்டுக் கணினியில் திறக்க முடியாமல் ஒரு நல்ல இரவின் பதிவுகளை நான் மறுபடி மாற்ற வேண்டியிருந்தது.

5. நாளும் நேரமும்

வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வரும் நாள் சுமார் 13 மாதங்களுக்கு ஒருமுறை அமையும். 2026-ல் அது ஜனவரி 10, அடுத்தது 2027 பிப்ரவரி 10-ஐ ஒட்டி. அந்த நாளுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று மாதங்கள் கோள் பெரிதாகவே இருக்கும், ஒரே நாளைக் குறிவைத்துக் காத்திருக்க வேண்டாம். சனிக்கு இடைவெளி ஓர் ஆண்டும் இரண்டு வாரமும். செவ்வாய்க்கு இரண்டு ஆண்டுக்கு மேல். இடையில் அது மிகவும் சிறுத்துவிடும், அப்போது முயன்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

நாளைவிட முக்கியம், கோள் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. அடிவானத்துக்கு அருகில் இருந்தால் தடிமனான காற்றின் வழியே பார்க்கிறோம். கோள் கொதிக்கும் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளியும், ஓரங்களில் சிவப்பும் நீலமும் கசியும். 40 பாகைக்கு மேலே ஏறும்வரை காத்திருங்கள். நீட்டிய கையின் மூடிய முஷ்டி ஏறக்குறைய 10 பாகை; நான்கு முஷ்டி உயரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தொலைநோக்கியைப் படமெடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியில் வையுங்கள். வீட்டுச் சூட்டோடு இருக்கும் கண்ணாடியின் மேல் காற்று அலையும். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளத்தைவிட மண்தரையும் புல்லும் நல்லவை. நட்சத்திரங்கள் பலமாகக் கண்சிமிட்டும் இரவு கோளுக்கு ஆகாது. மாறாக, லேசான மூட்டத்தோடு காற்று அசையாமல் நிற்கும் இரவுகளில் எனக்குச் சிறந்த படங்கள் கிடைத்திருக்கின்றன.

6. குறி, ஃபோகஸ், வெளிச்சம்

போன் இல்லாமல் 25 மி.மீ. ஐபீஸில் வியாழனை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பார்லோவும் 10 மி.மீ. ஐபீஸும் போட்டு மறுபடி நடுவாக்கி, கண்ணால் ஃபோகஸ் செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் போன் ஏறிய அடாப்டரை மாட்ட வேண்டும். பாரத்தில் குழாய் சற்றுத் தாழும், ஆகவே சிறு தேடுநோக்கியை முன்பே நன்றாக ஒத்திசைத்து வைத்திருங்கள். கோள் திரையைவிட்டுப் போனாலும் தேடுநோக்கி வழியே திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.

போனின் ஃபோகஸை முடிவிலியில் வைத்துவிட்டுத் தொலைநோக்கியின் குமிழை மட்டும் திருகுங்கள். திரையில் வியாழனைப் பார்த்து ஃபோகஸ் செய்வது கடினம், அதன் விளிம்பு இயல்பாகவே மென்மையானது. பக்கத்தில் உள்ள நிலாக்களைப் பாருங்கள். அயோ, யுரோப்பா, கனிமீடு, காலிஸ்டோ என்ற நான்கில் ஒன்றாவது தெரியும்படி வெளிச்சத்தைத் தற்காலிகமாக ஏற்றி, அந்தப் புள்ளி ஆகச் சிறியதாகும் இடத்தில் குமிழை நிறுத்துங்கள். குமிழைத் தொடும்போது எல்லாம் ஆடும். தொட்டு, கையெடுத்து, இரண்டு மூன்று விநாடி ஆட்டம் அடங்கிய பிறகு பார்த்து முடிவெடுங்கள்.

இப்போது வெளிச்சத்தைக் குறையுங்கள். 130 மடங்கில் என் அமைப்புக்கு ISO 100, ஷட்டர் 1/60 முதல் 1/125 வரை சரியாக வருகிறது. திரையில் கோள் சற்று மங்கலாக, வெண்மைக்குப் பதில் பழுப்பு கலந்த வெளிர்நிறமாகத் தெரிந்தால் அதுவே சரி. எங்காவது தூய வெள்ளை தெரிந்தால் இன்னும் குறையுங்கள். சனி இதைவிட மிக மங்கல், அதற்கு ISO 400-ம் 1/30-ம் வைத்துத் தொடங்கலாம்.

7. புகைப்படம் வேண்டாம், வீடியோ எடுங்கள்

காற்று ஒவ்வொரு கணமும் கோளை வெவ்வேறு விதமாகக் கலைக்கிறது. ஒரே ஒரு புகைப்படம் எடுத்தால் அது நல்ல கணத்தில் அமைவது அதிர்ஷ்டம். 60 விநாடி வீடியோவை விநாடிக்கு 30 ஃப்ரேம் வீதம் எடுத்தால் 1800 படங்கள் கையில் இருக்கும். அதில் தெளிவானவற்றைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஒரு ஃப்ரேமிலும் தெரியாத விவரம் எழுந்து வரும்.

4K-யில் எடுங்கள். முழு அகலத்தையும் Full HD-யில் எடுத்தால் 80 பிக்சல் 38 ஆகச் சுருங்கிவிடும். 4K இல்லாத போனில் Full HD-யிலேயே 2x வைத்துப் பாருங்கள், லென்ஸ் மாறாமல் இருந்தால் இழந்ததைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

மோட்டார் இல்லாத தொலைநோக்கி என்றால் கோள் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். 130 மடங்கில் சாதாரண ஐபீஸின் வட்டத்தை அது ஒன்றரை நிமிடத்தில் கடந்துவிடும். துரத்திக்கொண்டே எடுக்காதீர்கள். கோளை வட்டத்தின் ஓரத்துக்குச் சற்று உள்ளே வைத்து, கையை எடுத்து, ஆட்டம் அடங்கியதும் பதிவைத் தொடங்கி, அது தானாக நடுவைத் தாண்டிப் போகட்டும். நல்ல பகுதி அரை நிமிடம் கிடைக்கும். அப்படி மூன்று நான்கு முறை எடுத்துச் சேர்க்கலாம், ஆனால் எல்லாம் மூன்று நிமிடத்துக்குள் இருக்கட்டும். வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. அதற்கு மேல் சேர்த்தால் அதன் சுழற்சியே விவரங்களை இழுவத் தொடங்கும்.

ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, நேரம், ஐபீஸ், ISO, ஷட்டர் ஆகியவற்றைத் தாளில் குறியுங்கள். வீடியோ கோப்பில் இவை எல்லாம் பதிவாவதில்லை. ஷட்டரைப் படிப்படியாக மாற்றி மூன்று பதிவுகள் எடுத்துவிட்டு எது எது என்று தெரியாமல் நின்ற பிறகே இந்தப் பழக்கம் எனக்கு வந்தது.

8. கணினியில் ஒரு படமாக்குதல்

விண்டோஸில் மூன்று இலவச மென்பொருள்கள் போதும்: PIPP, AutoStakkert, RegiStax. முதல் முறை ஒரு மணி நேரம் பிடிக்கும், பழகினால் பத்து நிமிடம்.

PIPP-ல் வீடியோவைப் போட்டு Planetary என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஓடும் கோளை ஒவ்வொரு ஃப்ரேமிலும் நடுவுக்குக் கொண்டுவந்து, சுற்றியுள்ள வெற்றுக் கறுப்பை வெட்டி, AVI-யாகத் தரும். அதை AutoStakkert-ல் திறந்து Analyse அழுத்தினால் ஃப்ரேம்களைத் தர வரிசைப்படுத்தும். மேலே உள்ள 25 சதவீதத்தை மட்டும் அடுக்கச் சொல்லுங்கள். 1800-ல் 450 படங்கள். அதிகம் சேர்த்தால் புள்ளியிரைச்சல் குறையும், கலங்கல் கூடும். காற்று அமைதியான இரவில் 50 சதவீதம்கூடப் போகலாம்.

அடுக்கிய படம் முதலில் மொழுக்கென்று இருக்கும். ஏமாற வேண்டாம். RegiStax-ல் Wavelet பகுதியில் உள்ள பட்டிகளை மெல்ல நகர்த்தும்போது பட்டைகள் எழுவதைக் கண்முன்னே பார்க்கலாம். முதல் பட்டி ஆகச் சிறு விவரங்களுக்கானது. போன் வீடியோவில் அங்கே இருப்பது பெரும்பாலும் இரைச்சலும் சுருக்கக் கட்டங்களும்தான். அதைத் தொடாமல் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் வேலை செய்யுங்கள். கோளின் ஓரத்தில் வெள்ளை வளையம் ஒன்று தோன்றினால் எல்லை மீறிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். என் முதல் படங்கள் எல்லாவற்றிலும் அந்த வளையம் இருக்கிறது.

நிலாக்கள் இந்தப் படத்தில் வராது. அவை வேண்டுமென்றால் ISO-வை ஏற்றித் தனியாக ஒரு பதிவு எடுங்கள். அதில் வியாழன் வெளிறும், நிலாக்கள் தெரியும். பிறகு இரண்டையும் ஏதாவது படத்தொகுப்பு மென்பொருளில் இணைக்கலாம்.

9. பைனாகுலர் மட்டும் இருந்தால்

10x50 பைனாகுலரில் இதே கணக்கைப் போட்டால் வியாழன் 6 பிக்சல்தான். பட்டைகளுக்கும் சனியின் வளையத்துக்கும் வாய்ப்பில்லை. அவை தெரியும் என்று சொல்லி விற்கும் அடாப்டர்களை நம்ப வேண்டாம். நிலாக்கள் வரும். காலிஸ்டோ ஆக விலகி நிற்கும் இரவில் அது வியாழனிலிருந்து திரையில் சுமார் 80 பிக்சல் தள்ளியிருக்கும், நன்றாகப் பிரித்தறியலாம்.

கையில் பிடித்து எடுக்க முடியாது. பைனாகுலரின் இரு குழாய்களை இணைக்கும் கீலின் முன்னால் ஒரு சிறு மூடி இருக்கும், அதைத் திருகி எடுத்தால் பெரும்பாலான மாடல்களில் மரைத் துளை தெரியும். அதில் எல் வடிவப் பிடியைப் பொருத்தி ட்ரைபாடில் ஏற்றுங்கள். அடாப்டரை ஒரு கண்ணில் மட்டும் மாட்டி, மற்றதை மூடிவிடுங்கள். இங்கே கோளின் வெளிறலைப் பற்றிக் கவலை வேண்டாம், நிலாக்கள் தெரியும்வரை ISO-வை ஏற்றலாம். ஷட்டர் மட்டும் அரை விநாடிக்கு மேல் போக வேண்டாம். தொடர்ந்து நான்கைந்து இரவுகள் ஒரே நேரத்தில் எடுத்து, படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அயோ 42 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றிவருகிறது, ஆகவே ஒவ்வொரு இரவும் வேறு இடத்தில் இருக்கும்.